முடிவுள்ள வகுத்தல் வளையத்தில் பெருக்கல் வரிசை ஏன் பொருட்டில்லை?

3 × 5 என்றாலும் 5 × 3 என்றாலும் விடை 15தான். சிறு வயதிலேயே மனதில் பதிந்துவிட்டதால் இதை நாம் ஒரு விதியாகவே நினைப்பதில்லை. ஆனால் கணிதத்தில் இது தனியாகச் சொல்லப்பட வேண்டிய ஒரு பண்பு: ab = ba, அதாவது பரிமாற்றுப் பண்பு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் ஒழுங்காக நடக்கிற ஓர் அமைப்பில் இந்த ஒரு பண்பு மட்டும் இல்லாமல் போக முடியுமா?

முடியும். 1843-ல் வில்லியம் ரோவன் ஹாமில்டன் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் எண்கள் a + bi + cj + dk என்ற வடிவில் இருக்கும். a, b, c, d நான்கும் மெய்யெண்கள். i² = j² = k² = −1. அப்புறம் ij = k, ஆனால் ji = −k. வரிசையை மாற்றினால் குறியே மாறிவிடுகிறது. இவற்றுக்குக் குவாட்டர்னியன் என்று பெயர். இவற்றில் வகுத்தலும் நடக்கும். a + bi + cj + dk-ஐ a − bi − cj − dk-ஆல் பெருக்கினால் a² + b² + c² + d² வரும். நான்கும் பூச்சியமாக இருந்தால் ஒழிய இது ஒரு மிகை எண். அதனால் அதைக் கொண்டு வகுத்து, பெருக்கினால் 1 தருகிற நேர்மாறை எழுதிவிடலாம்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் ஒழுங்காக நடக்கிற அமைப்பு வளையம். இப்படிப் பூச்சியம் தவிர்த்த ஒவ்வொரு உறுப்புக்கும் பெருக்கல் நேர்மாறு இருக்கிற வளையத்தை வகுத்தல் வளையம் என்கிறோம். அதோடு பரிமாற்றுப் பண்பும் சேர்ந்தால் அது களம். ஹாமில்டனுடையது வகுத்தல் வளையம், ஆனால் களம் இல்லை.

1905-ல் ஜோசப் வெடர்பர்ன் சொன்னது இதுதான்: உறுப்புகளின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருந்தால் ஹாமில்டன் செய்தது நடக்காது. முடிவுள்ள வகுத்தல் வளையம் ஒவ்வொன்றும் களமே. யாரும் ab = ba என்று நிபந்தனை போடாமலேயே அது தானாக வந்துவிடுகிறது. நான் இங்கே சொல்லப்போவது 1931-ல் எர்ன்ஸ்ட் விட் கொடுத்த நிரூபணம். மொத்தமும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அளவு சிறியது. ஆனால் அந்த ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் "சரி, நிரூபணம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏன்?" என்ற கேள்வி எனக்கு மிஞ்சியது. 16, 81, 64 என்று மூன்று எண்களை வைத்துக் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தது. அதே வழியில் போவோம்.

முதலில் உடைத்துப் பார்ப்போம்

வெடர்பர்னின் கூற்றை நம்பாதவர் முதலில் என்ன செய்வார்? ஹாமில்டனின் அமைப்பையே எடுத்து, மெய்யெண்களுக்குப் பதிலாக ஒரு சிறிய முடிவுள்ள களத்தைப் போட்டுப் பார்ப்பார். 0, 1, 2 என்ற மூன்றே எண்கள், 3 வந்தால் அதை 0 என்று வைத்துக்கொள்வோம். இது நல்ல களம்தான்: 2 × 2 = 4 = 1 என்பதால் 2-க்கு நேர்மாறு 2-ஏ. இப்போது a, b, c, d ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள். மொத்தம் 3⁴ = 81 குவாட்டர்னியன்கள். ij-யும் ji-யும் இங்கேயும் வெவ்வேறுதான், ஏனென்றால் −1 என்பது 2, அது 1-க்குச் சமமில்லை. பரிமாற்றுப் பண்பு இல்லாத, 81 உறுப்புகள் உள்ள வளையம் கிடைத்துவிட்டது. வகுத்தல் மட்டும் நடந்துவிட்டால் போதும், வெடர்பர்ன் தவறு என்றாகிவிடும்.

1 + i + j என்பதையும் 1 − i − j என்பதையும் பெருக்கிப் பாருங்கள்.

(1 + i + j)(1 − i − j) = 1 − i − j + i − i² − ij + j − ji − j²

i-யும் j-யும் அடிபட்டுப் போகின்றன. −i² = 1, −j² = 1. அப்புறம் −ij = −k, −ji = +k, அவையும் அடிபடுகின்றன. மிஞ்சுவது 1 + 1 + 1 = 3, அதாவது 0. பூச்சியமல்லாத இரண்டைப் பெருக்கினால் பூச்சியம் வருகிறது. xy = 0 என்றிருக்கும்போது x-க்கு நேர்மாறு இருந்தால், இருபுறமும் இடப்பக்கத்தில் அதைப் பெருக்கி y = 0 என்று வந்துவிடும். அது பொய் என்பதால் 1 + i + j-க்கு நேர்மாறே கிடையாது. முயற்சி தோற்றது.

3-க்குப் பதில் 5 என்றால்? (1 + 2i)(1 − 2i) = 1 + 4 = 5 = 0. 7 என்றால் 1 + 2i + 3j-ஐ எடுங்கள்: 1 + 4 + 9 = 14 = 0. எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இப்படி ஒன்று மாட்டும். இதைப் பார்த்து "குவாட்டர்னியன் ஒத்துவரவில்லை, வேறு ஏதாவது ஒத்துவரலாம்" என்று யாராவது சொன்னால், அந்த 'வேறு ஏதாவது' எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். விட்டின் நிரூபணம் அதைத்தான் செய்கிறது. எந்த அமைப்பையும் கட்டிப் பார்க்காமல், உறுப்புகளை எண்ணுவதை மட்டும் வைத்துச் செய்கிறது.

மையமும் அதைச் சுற்றியவையும்

D என்பது முடிவுள்ள வகுத்தல் வளையம் என்று வைத்துக்கொள்வோம். அதில் சில உறுப்புகள் எல்லா உறுப்புகளோடும் இடம் மாறிப் பெருக்கக்கூடியவை. 0 அப்படிப்பட்டது, 1 அப்படிப்பட்டது. இப்படிப்பட்டவற்றின் தொகுப்பு D-யின் மையம், Z. இரண்டு மைய உறுப்புகளைக் கூட்டினாலும் பெருக்கினாலும் மையத்துக்குள்ளேயேதான் இருக்கும். நேர்மாறு எடுத்தாலும் அப்படியே. மையத்துக்குள் எல்லாம் இடம் மாறும் என்பதால் Z ஒரு களம். அதில் q உறுப்புகள் என்போம். 0-வும் 1-உம் அதில் உண்டு, எனவே q குறைந்தது 2. இந்தச் சின்னக் குறிப்பு கடைசியில் தேவைப்படும்.

இப்போது D-யை Z-இன் மீதான வெக்டர் வெளியாகப் பார்க்கலாம். D-யின் உறுப்புகளைக் கூட்டலாம், Z-இன் உறுப்புகளால் பெருக்கி நீட்டலாம். வெக்டர் வெளிக்கு இவ்வளவுதானே வேண்டும்? அதன் பரிமாணம் n என்றால், D-யின் ஒவ்வொரு உறுப்பையும் n ஆயத்தொலைகளால் ஒரே விதமாக எழுதலாம். ஒவ்வோர் ஆயத்தொலைக்கும் q வாய்ப்புகள். ஆகவே D-யில் சரியாக qⁿ உறுப்புகள்.

n = 1 என்றால் D முழுவதுமே மையம், அதாவது D களம். நாம் காட்ட வேண்டியது அதுதான். அதனால் n > 1 என்று வைத்துக்கொண்டு முரண்பாட்டைத் தேடுவோம்.

மையத்துக்கு வெளியே உள்ள ஓர் உறுப்பு a-யை எடுங்கள். அது எல்லோரோடும் இடம் மாறாது, ஆனால் சிலரோடு மாறும்: மையத்தோடு, தன்னோடு, தன் அடுக்குகளோடு. அப்படி a-யோடு இடம் மாறக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்து C(a) என்போம். b-யும் c-யும் அதில் இருந்தால் b + c-யும் இருக்கும்:

a(b + c) = ab + ac = ba + ca = (b + c)a

இந்த ஒரு வரியில் கொஞ்சம் நில்லுங்கள். முழு நிரூபணத்திலும் மிக முக்கியமான வரி என்று நான் நினைப்பது இதைத்தான். பெருக்கலை மட்டும் பார்த்தால் D-யின் பூச்சியமல்லாத உறுப்புகள் ஒரு குலம், அதாவது ஒரே ஒரு செயலும் அதற்கான நேர்மாறுகளும் உள்ள அமைப்பு, qⁿ − 1 உறுப்புகள் கொண்டது. பரிமாற்றுப் பண்பு இல்லாத முடிவுள்ள குலங்கள் ஏராளமாக இருக்கின்றன. மூன்று பொருள்களை வரிசை மாற்றும் ஆறு வழிகளே ஒரு குலம், அதிலேயே பரிமாற்றுப் பண்பு இல்லை. எனவே குலக் கோட்பாடு மட்டும் நமக்கு எதையும் தடுத்துத் தராது. கூட்டலும் கூடவே இருப்பதுதான் இங்கே வேலை செய்கிறது. கூட்டல் இருப்பதால் C(a)-வும் ஒரு வகுத்தல் வளையமாகிறது. Z அதற்குள் இருப்பதால் அதுவும் Z-இன் மீதான வெக்டர் வெளியாகிறது. அதனால் C(a)-வின் அளவு ஏதோ ஓர் எண்ணாக இருக்க முடியாது, qᵈ என்றுதான் இருக்கும்.

81-ஐ வைத்துப் பார்த்தால் இதன் கடுமை தெரியும். q = 3, n = 4. பெருக்கல் குலத்தில் 80 உறுப்புகள். 80-க்கு 2, 4, 5, 8, 10, 16, 20, 40 என்று எத்தனையோ வகுத்திகள். சாதாரணக் குலமாக இருந்தால் இவற்றில் பலவும் a-யோடு இடம் மாறுவோரின் எண்ணிக்கையாக வரலாம். ஆனால் இங்கே அந்த எண்ணிக்கை 3ᵈ − 1 என்ற வடிவில்தான் இருக்க வேண்டும்.

d-க்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. D-யை C(a)-வின் மீதான வெக்டர் வெளியாகவும் பார்க்கலாம். அடிப்படையில் இருக்கும் அமைப்பு களமாக இல்லாமல் வகுத்தல் வளையமாக இருந்தாலும் அடுக்களம், பரிமாணம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அப்படியானால் qⁿ என்பது qᵈ-யின் ஓர் அடுக்கு, எனவே d ஆனது n-ஐ மீதியின்றி வகுக்கும். a மையத்தில் இல்லாததால் C(a) முழு D ஆக முடியாது, எனவே d < n. a தானே C(a)-வில் இருப்பதால் அது Z-ஐ விடப் பெரியது, எனவே d > 1.

இதிலிருந்தே பாதி ஊர் காலியாகிவிடுகிறது. n ஒரு பகா எண் என்றால் 1-க்கும் n-க்கும் நடுவில் வகுத்தியே கிடையாது. d-க்கு இடமே இல்லை, எனவே a-வுக்கும் இடமில்லை. 81-க்கு வந்தால் d = 2 மட்டுமே மிச்சம். 9 உறுப்புகள், பூச்சியத்தை விட்டால் 8.

வகுப்புச் சமன்பாடு

இப்போது எண்ணத் தொடங்குவோம். பூச்சியமல்லாத b ஒவ்வொன்றுக்கும் bab⁻¹ என்பதைக் கணக்கிடுங்கள். b ஆனது a-யோடு இடம் மாறினால் இது a-யாகவே வரும். இல்லையென்றால் வேறொன்று வரும். இப்படி a-யிலிருந்து கிடைக்கிற எல்லாவற்றையும் a-யின் வகுப்பு என்கிறோம். இரண்டு வகுப்புகள் ஒன்றோடொன்று மேற்படியாது, பூச்சியமல்லாத ஒவ்வோர் உறுப்பும் ஏதேனும் ஒரே ஒரு வகுப்பில் இருக்கும்.

ஒரு வகுப்பில் எத்தனை பேர்? bab⁻¹-உம் cac⁻¹-உம் ஒன்றே என்றால், கொஞ்சம் இடம் மாற்றி எழுதினால் c⁻¹b ஆனது a-யோடு இடம் மாறுகிறது என்று வரும். அதாவது b = c × (C(a)-வில் பூச்சியமல்லாத ஏதோ ஒன்று). எனவே வகுப்பின் ஒவ்வோர் உறுப்பும் சரியாக qᵈ − 1 முறை திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. மொத்தம் qⁿ − 1 முறை கணக்கிட்டோம். ஆகவே வகுப்பின் அளவு (qⁿ − 1)/(qᵈ − 1).

மைய உறுப்புகளுக்கு bab⁻¹ எப்போதும் a-தான். அவை ஒவ்வொன்றும் தனித்தனி வகுப்பு, மொத்தம் q − 1. எல்லா வகுப்புகளையும் கூட்டினால் மொத்த உறுப்புகள் வந்தாக வேண்டும்:

qⁿ − 1 = (q − 1) + Σ (qⁿ − 1)/(qᵈ − 1)

இதுதான் வகுப்புச் சமன்பாடு. வலப்பக்கக் கூட்டல் மையத்துக்கு வெளியே உள்ள வகுப்புகள் ஒவ்வொன்றுக்குமானது. ஒவ்வொன்றிலும் d மாறலாம், ஆனால் எப்போதும் n-இன் வகுத்தி, n-ஐ விடச் சிறியது.

இப்போது எண்களைப் போடுவோம். D-யில் 16 உறுப்புகள், மையத்தில் 2 என்போம். n = 4, d = 2 மட்டும். ஒவ்வொரு வகுப்பிலும் 15/3 = 5 பேர். அத்தகைய வகுப்புகள் m என்றால்

15 = 1 + 5m

அதாவது 5m = 14. முடியாது. 81-க்கு ஒவ்வொரு வகுப்பிலும் 80/8 = 10 பேர்:

80 = 2 + 10m

10m = 78. இதுவும் முடியாது. முன்பு 1 + i + j காலை வாரிவிட்டது அல்லவா? அந்தக் கணக்கை நாம் செய்யாமலேயே இருந்திருந்தாலும் இந்த ஒரு வரி தடுத்திருக்கும். 81 உறுப்புகளை வைத்து நீங்கள் எந்தப் பெருக்கல் அட்டவணையை எழுதினாலும், மையத்தில் 3 பேர் மட்டும் என்றால், மிச்சமுள்ள 78 பேரைப் பத்துப் பத்தாகப் பிரிக்க முடியாது. மையத்தில் 9 பேர் என்றால் n = 2, பகா எண், அது ஏற்கெனவே அடைபட்ட வழி.

64-ல் கிடைக்கும் சிக்கல்

மேலே இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே: எல்லா வகுப்பின் அளவையும் 5 வகுக்கிறது, இடப்பக்கத்தையும் 5 வகுக்கிறது, அப்படியானால் மிஞ்சும் q − 1-ஐயும் வகுக்க வேண்டும், ஆனால் வகுக்கவில்லை. எனவே பொதுவான வழி தெளிவாகத் தோன்றுகிறது. qⁿ − 1-ஐ வகுக்கிற, ஆனால் அதைவிடச் சிறிய qᵈ − 1 எதையும் வகுக்காத ஒரு பகா எண் p-யைத் தேடுவோம். அது எல்லா வகுப்பின் அளவையும் வகுக்கும், எனவே q − 1-ஐயும் வகுக்க வேண்டும், ஆனால் அதை வகுக்காது என்றுதான் தேர்ந்தெடுத்தோம். வேலை முடிந்தது.

64-ல் இது நின்றுபோகிறது. q = 2, n = 6. 63 = 3 × 3 × 7. ஆனால் 3 ஆனது 2² − 1-ஐ வகுக்கிறது, 7 ஆனது 2³ − 1-ஐ வகுக்கிறது. புதிய பகா எண் என்று ஒன்றுமே இல்லை. விந்தை என்னவென்றால், n இரண்டைவிடப் பெரியதாக இருக்கும் எல்லா இடங்களிலும் இப்படிப் புதிய பகா எண் கிடைக்கும், விதிவிலக்கு இந்த ஒன்றே ஒன்றுதான். அது 1892-ல் சிக்மோண்டி நிரூபித்த தேற்றம், அவ்வளவு எளிதானதும் இல்லை.

சரி, 64-க்கு வகுப்புச் சமன்பாட்டை எழுதிப் பார்ப்போம். d = 2 என்றால் வகுப்பில் 63/3 = 21 பேர். d = 3 என்றால் 63/7 = 9 பேர்.

63 = 1 + 21s + 9t

21-ஐயும் 9-ஐயும் 63-ஐயும் 3 வகுக்கிறது, 1-ஐ வகுக்கவில்லை. முரண்பாடு வந்துவிட்டது! பகா எண் வழி கைவிட்ட இடத்திலும் ஏதோ ஒன்று நம்மைக் காப்பாற்றுகிறது. அந்த 3 எங்கிருந்து வந்தது? 2² − 1 = 3 என்று வகுத்து நீக்கிய பிறகும் 21-க்குள் ஒரு 3 எப்படி மிஞ்சியது?

விடை, எண்களைப் பார்க்காமல் பல்லுறுப்புக்கோவைகளைப் பார்த்தால் தெரிகிறது. 2 என்ற இடத்தில் x-ஐப் போட்டு x⁶ − 1-ஐக் காரணிப்படுத்துங்கள்:

x⁶ − 1 = (x − 1)(x + 1)(x² + x + 1)(x² − x + 1)

x = 2 என்றால் நான்கு காரணிகளும் முறையே 1, 3, 7, 3. இரண்டு 3-கள்! எண்களாகப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன, ஆனால் பிறப்பு வேறு. முதல் 3 என்பது x + 1, அது x² − 1-க்குச் சொந்தம். இரண்டாவது 3 என்பது x² − x + 1, அது x⁶ − 1-க்கு மட்டுமே சொந்தம். x² − 1-ஆல் வகுத்தால் (x² + x + 1)(x² − x + 1) மிஞ்சும், அதுதான் 7 × 3 = 21. x³ − 1-ஆல் வகுத்தால் (x + 1)(x² − x + 1) மிஞ்சும், அதுதான் 3 × 3 = 9. இரண்டிலும் x² − x + 1 அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வட்டத்தை வெட்டும் பல்லுறுப்புக்கோவைகள்

அந்தக் கடைசிக் காரணிக்குத்தான் சைக்ளோடாமிக் பல்லுறுப்புக்கோவை என்று பெயர். வட்டத்தை வெட்டுவது என்பது அந்தச் சொல்லின் பொருள். xⁿ − 1-இன் மூலங்கள் கலப்பெண் தளத்தில் ஓரலகு வட்டத்தின் மேல் சம இடைவெளியில் n புள்ளிகளாக நிற்கும். n = 6 என்றால் ஓர் ஒழுங்கு அறுகோணத்தின் முனைகள். அவற்றில் 1 என்ற புள்ளி x − 1-இன் மூலம். −1 இரண்டாம் அடுக்கிலேயே 1 ஆகிவிடும், அது x² − 1-இலும் மூலமாக இருக்கும். இன்னும் இரண்டு புள்ளிகள் மூன்றாம் அடுக்கில் 1 ஆகிவிடும். மிச்சமுள்ள இரண்டு மட்டும் ஆறாம் அடுக்கு வரை போனால்தான் 1 ஆகும். அந்த இரண்டை மட்டும் மூலங்களாகக் கொண்டது x² − x + 1.

பொதுவாக, n-ஆம் அடுக்குக்கு முன்னால் 1 ஆகாத n-ஆம் படிமூலங்கள் ζ எல்லாவற்றுக்கும் (x − ζ)-க்களைப் பெருக்கினால் கிடைப்பது Φₙ(x). d ஆனது n-இன் சிறிய வகுத்தி என்றால், xᵈ − 1-இன் மூலங்கள் எல்லாம் d-ஆம் அடுக்கிலேயே 1 ஆகிவிடுகிறவை. அவற்றில் ஒன்றுகூட Φₙ-இன் மூலமாக இருக்க முடியாது. எனவே xⁿ − 1-ஐ xᵈ − 1-ஆல் வகுக்கும்போது Φₙ-ஐ யாரும் தொடுவதில்லை, அது முழுசாக ஈவில் மிஞ்சுகிறது.

ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும். Φₙ-இன் கெழுக்கள் முழு எண்கள்தானா? மூலங்கள் கலப்பெண்கள் ஆயிற்றே. xⁿ − 1 என்பது n-இன் எல்லா வகுத்திகள் d-க்குமான Φ-க்களின் பெருக்கல். Φ₁ = x − 1-இல் தொடங்கி, தெரிந்த சிறியவற்றின் பெருக்கத்தால் xⁿ − 1-ஐ வகுத்தால் Φₙ கிடைக்கும். வகுக்கிற கோவையின் முதல் கெழு 1 என்பதால் நீள்வகுத்தலில் பின்னம் எங்கும் வராது. எனவே கெழுக்கள் எப்போதும் முழு எண்கள். xᵈ − 1-ஆல் வகுத்து வரும் ஈவிலும் அப்படியே. ஆகையால் x-க்கு q-வைப் போட்டாலும் வகுபடுதல் எண்களில் நிலைக்கிறது: Φₙ(q) என்ற முழு எண் qⁿ − 1-ஐயும், ஒவ்வொரு (qⁿ − 1)/(qᵈ − 1)-ஐயும் மீதியின்றி வகுக்கிறது.

இதை வகுப்புச் சமன்பாட்டில் போடுங்கள். இடப்பக்கம் வகுபடுகிறது, வலப்பக்கத்தில் கூட்டலின் ஒவ்வோர் உறுப்பும் வகுபடுகிறது. எனவே மீதமுள்ள q − 1-உம் Φₙ(q)-வால் வகுபட்டாக வேண்டும்.

இனி ஒரே ஒரு படம் போதும். மெய்யெண் கோட்டில் q-வைக் குறியுங்கள். அது 2 அல்லது அதற்கு வலப்புறம். இடப்புறத்தில் ஓரலகு வட்டம். q-விலிருந்து பார்த்தால் வட்டத்தின் மிக அருகிலுள்ள புள்ளி 1, அதன் தூரம் q − 1. வட்டத்தில் வேறு எந்தப் புள்ளியும் இதைவிடத் தூரம்தான். n > 1 என்பதால் Φₙ-இன் மூலங்களில் 1 இல்லை. ஆகவே |q − ζ| ஒவ்வொன்றும் q − 1-ஐ விடப் பெரியது. q குறைந்தது 2 என்பதால் q − 1 குறைந்தது 1, எனவே இந்தத் தூரங்கள் எல்லாம் 1-ஐ விடப் பெரியவை. அவற்றைப் பெருக்கப் பெருக்கக் கூடுமே தவிரக் குறையாது. அந்தப் பெருக்கம்தான் |Φₙ(q)|. எனவே |Φₙ(q)| > q − 1.

64-இல் இதை அளந்தே பார்க்கலாம். Φ₆-இன் மூலங்கள் கிடைக்கோட்டில் 1/2, செங்குத்தில் ±√3/2. 2-லிருந்து ஒவ்வொன்றின் தூரமும் √(9/4 + 3/4) = √3. இரண்டின் பெருக்கம் 3. q − 1 என்பது 1. மூன்று ஒன்றை வகுக்க வேண்டும் என்று சமன்பாடு கேட்டது.

தன்னைவிடச் சிறிய, பூச்சியமல்லாத ஓர் எண்ணை எந்த முழு எண்ணும் வகுக்காது. முரண்பாடு. n > 1 என்று நாம் வைத்துக்கொண்டதுதான் தவறு. n = 1, D = Z, D களம்.

எல்லை எங்கே இருக்கிறது

ஹாமில்டன் எப்படித் தப்பித்தார்? நிரூபணத்தின் முதல் பாதி அவருடைய அமைப்பிலும் அப்படியே நடக்கிறது. மையம் மெய்யெண்கள், n = 4. i-யோடு இடம் மாறுபவை a + bi வடிவில் உள்ளவை மட்டும், எனவே d = 2, அது 4-ஐ வகுக்கிறது. வகுப்புகளும் உண்டு. i-யின் வகுப்பு என்பது bi + cj + dk, b² + c² + d² = 1 என்ற கோளத்தின் மேற்பரப்பு முழுவதும். 81-இல் பத்துப் பேராக இருந்திருக்க வேண்டிய வகுப்பு இங்கே ஒரு கோளமாக விரிந்து நிற்கிறது. கோளத்தில் உள்ள புள்ளிகளை எண்ணி வகுபடுதலைப் பேச முடியாது. நிரூபணம் நிற்பது சரியாக அந்த இடத்தில்.

இன்னொரு எல்லை (ab)c = a(bc) என்ற சேர்ப்புப் பண்பு. அதை விட்டுக்கொடுத்தால், 16 உறுப்புகளிலேயே வகுத்தல் நடக்கிற, ஆனால் ab = ba இல்லாத அமைப்புகள் கிடைக்கின்றன. காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். b-யும் c-யும் a-யோடு இடம் மாறினால் bc-யும் மாறும் என்று காட்ட abc-யில் அடைப்புக்குறிகளை நகர்த்த வேண்டியிருக்கிறது. அது முடியாவிட்டால் C(a) ஒரு வளையமாகவே நிற்காது, qᵈ என்ற எண்ணிக்கையும் போய்விடும்.

81-ஐ வைத்துத் தொடங்கிய முயற்சிக்கும் ஒரு முடிவு உண்டு. 81 உறுப்புகளில் வகுத்தல் வளையம் இல்லாமல் இல்லை. பெயர்களை மாற்றி எழுதுவதைத் தவிர்த்தால் ஒன்றே ஒன்று இருக்கிறது. i, j, k-க்குப் பதிலாக t என்ற ஒரே எழுத்தை எடுத்து, a + bt + ct² + dt³ என்று எழுதி, t⁴ வந்தால் 2t + 1 என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதே 0, 1, 2, அதே நான்கு ஆயத்தொலைகள், அதே கூட்டல். இதில் பூச்சியமல்லாத 80 பேருக்கும் நேர்மாறு உண்டு. எல்லாமே t-யின் அடுக்குகளால் ஆனது என்பதால் எதை எதோடு பெருக்கினாலும் வரிசை பொருட்டில்லை.